சீவரத்தினத்தார் கண்ட நாற்றுமேடை

சீவரத்தினம் பண்டத்தரிப்புப் பக்கத்துக்கு விவசாயப் போதனாசிரியர். எங்கள் விவசாய அலுவலகக் கந்தோரில் அவருடைய மேசையும் என்னுடைய மேசையும் எதிரெதிரே கிடந்தன. என்னைவிட நான்கு வயது மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணை என்பேன். அவர் என்னை நோர்மன் என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

கமக்காரர்கள் வாடிய கன்றுகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு அவரிடம் வருவார்கள். மற்றவர்களைப் போல அவர் உடனே மருந்து எழுதிக் கொடுப்பதில்லை. கன்றை உதறி வேரைப் பார்ப்பார், தண்டைப் பிளந்து மணந்து பார்ப்பார், பிறகு கேள்விகளைத் தொடங்குவார். முதலில் உதிர்ந்தது மேல் இலையா, அடி இலையா? மத்தியானத்தில் சோர்ந்து பின்னேரம் நிமிர்ந்ததா, விடியவும் அப்படியே கிடந்ததா? ஒரு கன்றா, ஒரு வரிசையா? தண்ணீர் போதவில்லை என்று வந்தவர்களில் பாதிப் பேருக்கு, தண்ணீர் கூடிப்போனதுதான் நோய் என்று சொல்லி அனுப்புவார்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் சிவநேசன் எண்பத்தாறாம் ஆண்டு வைகாசியில் ரியூசனுக்கென்று போனவன் திரும்பவில்லை. ஆயுத இயக்கத்துக்குப் போய்விட்டான் என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அவனுக்கு அப்போது பதினேழு வயது. அடுத்த வருடம் இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கியது. எண்பத்தெட்டு தையில் இளையவள் குணலட்சுமியின் வகுப்பிலிருந்து ஒரே கிழமையில் இரண்டு பெண்பிள்ளைகள் வீட்டை விட்டுப் போனார்கள். சந்திக்குச் சந்தி இராணுவத்தின் சென்றிக் காவல் வேறு. சீவரத்தினம் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார். கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொன்னார். அவளுக்கு அப்போது பதினான்கு முடிந்திருந்தது.

அந்தக் கொஞ்ச நாள் ஒரு வருடமாகி, அதற்கு மேலும் போனது. முதலில் பள்ளிக்கூடம் நின்றது, பிறகு கோயில், பிறகு பக்கத்து வீடு. தெருப்பக்கத்து யன்னல்களை அடைத்தார்கள். புத்தகங்களை அவரே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார், மாலையில் கணக்கும் சொல்லிக்கொடுத்தார். மகளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று என்னிடம் இரண்டு மூன்று முறை சொல்லியிருக்கிறார். ஒரு தகப்பன் அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

எண்பத்தொன்பது ஆவணியில் அவருக்கு அந்தக் கனவு வரத் தொடங்கியது.

தன்னுடைய வளவின் மூலையில் ஒரு நாற்றுமேடை. அதன்மேல் தாழ்வாக, தென்னோலை பின்னிய கிடுகுப் பந்தல். அதை எப்போதோ தானே போட்டுவிட்டு மறந்துபோனது கனவிலேயே அவருக்கு நினைவு வரும். முதல் தடவை பந்தலை மட்டும் கண்டு விழித்துக்கொண்டார். அடுத்த கிழமை கிடுகைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே மிளகாய் நாற்றுகள் பட்டுக் கிடந்தன. மூன்றாம் தடவை பூவாளியோடு நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீரெல்லாம் கிடுகில் விழுந்து பக்கத்தால் வழிந்தோடியது.

மனைவி பராசக்திக்கு அவர் சொன்னது, பட்ட செடிகளைக் கண்டேன் என்பது மட்டும்தான். பராசக்தி பஞ்சாங்கத்தை எடுத்துக் கனாப்பலன் பார்த்தார். முதற் சாமத்துக் கனவு ஒரு வருடத்தில் பலிக்கும், கடைசிச் சாமத்துக் கனவு பத்து நாளில் பலிக்கும் என்று அதில் இருந்தது. இது விடியப்புறம் கண்டது. அளவெட்டியில் கனாப் பலன் சொல்லும் ஒருவரிடமும் போய்க் கேட்டார். பூத்த மரம் கண்டால் வீட்டில் நல்ல காரியம், பட்ட செடி கண்டால் இளம் உயிருக்குச் சேதம் என்று அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். மகன் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தான். கைக்குள் இருந்தவள் மகள் ஒருத்திதான். அதனால் காவல் இன்னும் இறுகியது. கிணற்றடிக்கும் தாய் கூடப் போனார். பின்னேரத்தில் முற்றத்தில் நடப்பதும் நின்றது.

பத்து நாள் கழிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. கனவு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

கார்த்திகையில் ஒரு மழை நாள், கந்தோருக்கு ஒருவரும் வரவில்லை. அன்றுதான் அவர் இதை முழுக்க என்னிடம் சொன்னார். கனவுக்குப் பலன் சொல்ல எனக்குத் தெரியாது. எங்கள் மெதடிஸ்த கிறிஸ்தவ வீட்டில் பஞ்சாங்கமும் இல்லை. கனவு தொடங்கிய கிழமைகளில் நாங்கள் இருவரும் நாற்றுமேடைகளைப் பார்த்துத் திரிந்தது நினைவு வந்தது. பகலில் கண்டதுதான் படுக்கையிலும் வருகிறது என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு, இருபது மேடை பார்த்தோமே, மூடி மறந்த மேடை ஒன்றும் பார்க்கவில்லையே என்றார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் கமக்காரர்களிடம் கேட்பதையே அவரிடம் கேட்டேன்.

"சரி அண்ணை, நான் போதனாசிரியர், நீங்கள் கமக்காரன். கன்று எப்பிடி வாடியிருந்தது?"

அவர் சிரித்துக்கொண்டுதான் கண்ணை மூடினார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நாற்றுகள் உயரமாக இருந்தன என்றார். இருக்க வேண்டிய உயரத்தைப் போல இரண்டு மடங்கு. தண்டு நூலைப் போல மெலிந்து, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, கிடுகு ஓட்டையால் வெளிச்சம் வந்த பக்கத்தைப் பார்த்துக் கிடந்தன. இலைகள் சின்னன், வெளிர் மஞ்சள். சில அடித்தண்டு அழுகி விழுந்திருந்தன. மண் ஈரமாக இருந்தது.

"அப்ப காய்ஞ்சு படேல்லை," என்றேன்.

"இல்லை." கண்ணைத் திறந்தார். "வெய்யில் படாமல் வெளிறிப்போனது. முளைச்ச உடனை கொஞ்சங் கொஞ்சமா மூடலை எடுத்திருக்க வேணும். இது மூடினபடியே விட்டது."

கனவு முடிந்து எழும்பும்போது மனம் எப்படி இருந்தது, பயமா, துக்கமா என்றும் கேட்டேன். இரண்டும் இல்லை, வெட்கம் என்றார். மேலதிகாரி வந்து பார்த்துவிட்டது போன்ற வெட்கம்.

மூடியது யார் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. அவர் குடையைக்கூட எடுக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு மழைக்குள் போனார்.

அன்று வீட்டுக்குப் போய், மகளை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்ததாகப் பிறகு சொன்னார். நாளும் கண்ட பிள்ளைதான். முகம் வெளுத்துக் கழுத்தெலும்பு தெரிந்தது. பாவாடை கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. வளர்ந்ததை ஒருவரும் கவனித்திருக்கவில்லை. பள்ளிக்கூடம் போக விருப்பமா என்று கேட்டதற்கு அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "உங்களுக்கு எது விருப்பமோ அப்பா," என்றாள். அந்தப் பதில்தான் தன்னைக் கொன்றது என்றார்.

தொண்ணூறு தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கிய அன்றே அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். பராசக்தி அழுது மறித்தும் கேட்கவில்லை. சந்தியில் சென்றிக்காரன் மறித்து இறங்கச் சொன்னான். வழக்கமான சோதனைதான். இறங்கிய பிள்ளை அந்த இடத்திலேயே குடித்த தேத்தண்ணியைச் சத்தி எடுத்து, றோட்டில் குந்தி இருந்துவிட்டாள். திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று நாள் அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை.

அடுத்த நாள் கந்தோரில் அவர் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். நடு மத்தியானத்தில் மூடலைப் பிடுங்கி எறிந்திருக்கிறேன், ஒரு கமக்காரன் இப்படிச் செய்திருந்தால் அவனை ஏசியிருப்பேன் என்றார்.

பிறகு பொறுமையாகச் செய்தார். விடியற்காலையில் அவளும் அவரும் வாசல் படலை வரை நடந்தார்கள். ஒரு கிழமை அவ்வளவுதான். பிறகு வீட்டு ஒழுங்கை தெருவில் முடியும் வரை. மாசியில் எங்கள் வீடு வரை. என் மனைவி வினிபிரட் அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்து, பக்கத்தில் இருந்து தைத்துக்கொண்டிருப்பார், ஒன்றும் கேட்க மாட்டார். ஒரு நாள் அவள் தனியாக வந்து நின்றாள். ஒழுங்கைத் திருப்பத்தில் தகப்பன் மறைந்து நின்றதை நான் கண்டேன், சொல்லவில்லை. பங்குனியில் இந்திய இராணுவம் போனது. சித்திரைக்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் போனாள், தன்னைவிட இரண்டு வயது குறைந்த பிள்ளைகளோடு.

கனவும் மாறியது. ஒருமுறை கிடுகில் பாதியை எடுத்துவிட்டதாகக் கண்டார். பாதி நாற்று செத்திருந்தது, பாதி நிமிர்ந்து நின்றது. அதற்குப் பிறகு அது வரவில்லை, அல்லது என்னிடம் சொல்லவில்லை.

இது இத்தோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனியில் இலங்கை இராணுவத்தோடு மறுபடி சண்டை தொடங்கியது. பிளேன் குண்டு போடும் நாட்களிலும் குணலட்சுமி சைக்கிளில் போய் வந்தாள். தொண்ணூற்றொன்று ஆடியில் ஆனையிறவுச் சண்டையில் சிவநேசன் இறந்தான். உடல் வரவில்லை. இயக்கத்தார் படம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார்கள்.

செத்த வீட்டில் எல்லோரும் இருக்கத்தான் பராசக்தி அதைச் சொன்னார்.

"கனா சொன்னது. இளம் உயிர் எண்டு சொன்னது. நீங்கள் கேக்கேல்லை."

அந்தக் கனவு மகனைப் பற்றியது அல்ல என்று சீவரத்தினம் அப்போது சொல்லியிருக்கலாம். பிள்ளையை இழந்த தாய்க்கு அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால், பலன் சொன்ன மனிதர் சொன்னது சரியாகிவிட்டதோ என்ற ஐயம் அவருக்கும் இருந்தது. அது கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் குணலட்சுமி புத்தகங்களைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டாள். பராசக்தி படலையில் குறுக்கே நின்றார்.

"நீயும் போனா நான் என்ன செய்யிறது?"

"பின்னேரம் வருவன் அம்மா."

"அவனும் அப்பிடித்தான் சொன்னவன்."

அவள் தகப்பனைப் பார்த்தாள். அவர் மனைவியின் தோளைப் பிடித்து ஒரு பக்கம் நகர்த்திவிட்டுப் படலையைத் திறந்தார். அதற்காகப் பராசக்தி இரண்டு வருடம் அவரோடு சரியாகக் கதைக்கவில்லை. சோறு போடுவார், தேத்தண்ணி வைப்பார், முகம் பார்க்க மாட்டார். ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலு மணிக்கு இருவரும் படலையின் இரு பக்கத்தில் நின்று ஒழுங்கையைப் பார்ப்பார்கள்.

அவள் படித்து முடித்துத் தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்தாள். சம்பளம் பெயருக்குத்தான். தென்மராட்சிப் பள்ளிக்கூடங்களுக்கும் பயிற்சிக்காகப் போய் வந்தாள். தகப்பனைப் போலவே கேள்வி கேட்டுப் படிப்பிப்பாள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். கலகலப்பானவளாக அவள் ஒருநாளும் ஆகவில்லை. ஆட்கள் கூடும் இடத்தில் சுவரோடு நிற்கும் வழக்கம் அவளை விட்டுப் போகவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இலங்கை இராணுவம் நெருங்கி வர, எங்கள் பகுதியான வலிகாமம் முழுக்க எழும்பிப் போனது. நாங்களும் அவர்களும் ஒன்றாகத்தான் நடந்தோம். நாவற்குழிப் பக்கம் சனம் நெருங்கி, மழையும் பிடித்து, ஒரு அடி வைக்க ஒரு மணித்தியாலம் ஆனது. சீவரத்தினத்துக்குக் காய்ச்சல். நடக்க ஏலாத பராசக்தியைச் சைக்கிள் கரியரில் இருத்தி, ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு குணலட்சுமி முன்னே நடந்தாள். சனத்தின் நடுவில் அவளுக்கு மூச்சு வாங்கியதைக் கண்டேன். ஆனால் அவள் நிற்கவில்லை.

பராசக்தி ஒரு தடவை திரும்பிக் கணவரைப் பார்த்தார். பிறகு அவரிடம் அல்ல, மகளிடம் கேட்டார்.

"இனி எங்கை பிள்ளை போறது?"

"கொடிகாமத்திலை எனக்குத் தெரிஞ்ச பள்ளிக்கூடம் ஒண்டு இருக்கம்மா. இருக்க இடம் தருவினம். அப்பாவின்ரை கையைப் பிடியுங்கோ, அவர் பின்னுக்கு நிண்டிடுவார்."

பராசக்தி கையை நீட்டினார். சீவரத்தினம் பிடித்துக்கொண்டார்.