அவளுக்கு நாலு சீட்டு, எனக்கு ஒன்று

யூதர் தெருவான ஜூ டவுன் முனையில் சாயாக் கடைச் சேட்டன் கண்ணாடி டம்ளரை நீட்டிக்கொண்டே அவளிடம் கேட்டார்: “இது ஆரா?” என்னைத்தான் கேட்டார். மூன்று வருஷமாக வாரத்துக்கு நாலு நாள் அவளோடு வந்து அதே பெஞ்சில் உட்காருகிறேன். அவள் சாயாவை ஊதிக்கொண்டே, “அறியாவுன்ன ஆளா, சேட்டா” என்றாள்.

தெரிஞ்ச ஆளாம்.

அந்த நொடியில்தான் யோசனை வந்தது: இதற்கு ஒரு விரிப்பு போட வேண்டும்.

எட்டு மாதமாக எனக்கு டேரோ பைத்தியம், படச் சீட்டு போட்டுக் குறி பார்ப்பது. எழுபத்தெட்டுச் சீட்டு. பெரிய சீட்டு இருபத்திரண்டு. மீதி கோல், கோப்பை, வாள், நாணயம் என்று நாலு இனம், இனத்துக்குப் பதினாலு. ஆபீஸ் நண்பர்களுக்குப் பார்த்துச் சொல்லி ஓரளவு பெயரும் வாங்கியிருந்தேன். விரிப்பு என்றால் சீட்டுகளை வைக்கும் வரைபடம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கேள்வி உண்டு. இடம்தான் கேள்வி, சீட்டு அதற்குப் பதில். ஒரே சீட்டு ‘உனக்கு என்ன வேண்டும்’ என்ற இடத்தில் விழுந்தால் ஒரு பேச்சு, ‘உன்னைத் தடுப்பது எது’ என்ற இடத்தில் விழுந்தால் வேறு பேச்சு. ஆக, நல்ல விரிப்பு என்பது நல்ல கேள்விகள்தான். இதை நான் ஊருக்கெல்லாம் பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தேவராவில் இருக்கும் என் ஆபீஸுக்குப் போகும் பஸ்ஸிலேயே ஏழு இடங்களையும் போனில் எழுதி முடித்துவிட்டேன். எனக்கு என்ன வேண்டும். அவளுக்கு என்ன வேண்டும். எங்களுக்கு நடுவில் இருப்பது என்ன. அவள் மறைப்பது. அவளைத் தடுப்பது. அவள் பயப்படுவது. இது எங்கே போகும்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அடுத்த மாதம் பாலக்காட்டில் அவள் அக்காவுக்குக் கல்யாணம். புடவை எடுத்தது, பந்தல்காரரோடு சண்டை போட்டது எல்லாம் என்னிடம் சொல்கிறாள். ‘நீ வா’ என்று மட்டும் சொல்லவில்லை.

அன்று மாலை கொச்சங்காடியில் என் அறையில் விரித்தேன். அவள் விருப்பத்தின் இடத்தில் வாள் இரண்டு: கண்ணைக் கட்டிக்கொண்டு, இரண்டு வாளை மார்பில் குறுக்கே பிடித்தபடி கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் பெண். முடிவு எடுக்க மாட்டேன் என்கிற சீட்டு. பிடிக்கவில்லை. கலைத்து மறுபடி போட்டேன். கோப்பை நாலு: மேகத்திலிருந்து ஒரு கை கோப்பையை நீட்ட, கைகட்டி மரத்தடியில் உட்கார்ந்து அதைப் பார்க்காத ஆள். மறுபடி கலைத்தேன். இப்போது துறவி, அதுவும் தலைகீழாக. ஒரே கேள்வியை ஒரே நாளில் திரும்பக் கேட்டால் பதில் குழம்பும் என்று மற்றவர்களுக்குச் சொல்பவன் நான். பக்கத்தில் இல்லாத ஆளின் மனசைச் சீட்டு காட்டாது, கேட்பவன் அவரைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பதைத்தான் காட்டும் என்றும் சொல்வேன். சரி, அவளையே போட வைப்போம் என்று முடிவு செய்தேன்.

அவள் வேலை பார்ப்பது ஜூ டவுனிலேயே ஒரு பழம்பொருள் கடையில். சனிக்கிழமை யூதக் கோயிலான சினகாக் திறக்காது, அதனால் தெருவில் வெள்ளைக்காரர்கள் குறைவு. மத்தியானம் போனேன். கடையின் பின்பக்கத்தில், பித்தளைப் பூண் போட்ட ஒரு மரப்பெட்டியின் மேல் துணியை விரித்தேன்.

“இந்தப் பெட்டியும் உன்னை மாதிரியாக்கும்” என்றாள். “போன வருஷம் செஞ்சது. பாத்தா நூறு வருஷம்னு தோணும்.”

“சீட்டைக் கலை. மனசுல நம்ம ரெண்டு பேரையும் நினைச்சுக்கோ. இடது கையால ரெண்டா வெட்டு.”

“என்னவாட்டு நினைக்கணும்?”

என்னவாக என்று சொல்வது? துணியின் சுருக்கத்தை நீவினேன். அவள் சிரித்துக்கொண்டே கலைத்து, வெட்டி, மேலிருந்து ஏழு எடுத்துக் கொடுத்தாள். கவிழ்த்து வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பினேன்.

என் இடத்தில் நாணயம் நாலு. ஒரு நாணயத்தை மார்போடு அணைத்து, ஒன்றைத் தலைமேல் வைத்து, இரண்டைக் காலால் மிதித்தபடி உட்கார்ந்திருப்பவன். அதை வேகமாகத் தாண்டினேன். அவள் இடத்தில் கோல் இரண்டு: கோட்டைச் சுவரில் நின்று, கையில் சின்ன உலக உருண்டையோடு கடலைப் பார்க்கிறவன்.

“உனக்கு வேற எங்கயோ போகணும். ஒரு கால் வெளிய இருக்கு” என்றேன்.

“எங்கே வெளியே? ரெண்டு காலும் சுவருக்குள்ளே இருக்கு. நல்லாப் பாருடா.” சீட்டைக் கையில் எடுத்து, வெண்கலச் சாமானைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இவன் சும்மா நிக்கறான். ஆரும் ஒண்ணும் கேக்கலை இவன்கிட்ட.”

பிறகு கேட்டாள்: “இந்த மத்த இடமெல்லாம் என்னாக்கும்?”

சொன்னேன். அவள் மறைப்பது, அவளைத் தடுப்பது, அவள் பயப்படுவது. சொல்லச் சொல்ல என் குரல் இறங்கியது எனக்கே கேட்டது. அவள் விரலால் ஒவ்வொரு சீட்டையும் தொட்டு எண்ணினாள்.

“எனக்கு நாலு. உனக்கு ஒண்ணு. நீ மறைக்கறதுக்கு இடமே இல்லையே. உனக்குப் பயமே கிடையாதோ?”

“அப்படி இல்ல…”

“போலீஸ்காரன் கேள்வி மாதிரி இருக்கு, கேட்டியா.”

“நீதான சேட்டன்கிட்ட தெரிஞ்ச ஆளுன்னு சொன்னே.”

“ஓணத்துக்கு மறுநாள் உங்கம்மா போன் பண்ணினப்போ நான் பக்கத்துலதான் இருந்தேன். ஆரு கூட இருக்கேன்னு கேட்டாங்க. நீ என்ன சொன்னே? ஆபீஸ்ல இருக்கேன்னு சொன்னே. நான் ஆளா கூட இல்லை.”

அந்த போனை நான் சுத்தமாக மறந்திருந்தேன். அவள் மறக்கவில்லை.

“சரி, சொல்லு. உனக்கு என்ன வேணும்?”

நான் நாணயம் நாலைப் பார்த்தேன். “இந்தச் சீட்டு என்ன சொல்லுதுன்னா…”

“அதைப் பாக்காதே. என்னைப் பாரு.”

“நீ கல்யாணத்துக்குக் கூப்பிடணும்.”

“என்னவாட்டு வருவே?”

நான் அவளுக்கு என்னவாக என்று மூன்று வருஷமாகச் சொல்லாதவள் அவள்தான் என்று கோபப்பட்டிருக்கிறேன். இப்போது தட்டில் வைத்து நீட்டுகிறாள், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அந்தச் சமயம் பார்த்து முன்பக்கம் யாரோ ஒரு விளக்கின் விலை கேட்டார்கள். அவள் எழுந்து போனாள். மிச்சச் சீட்டுகளை நான் படிக்கவே இல்லை.

என் மேலேயே எரிச்சல். சீட்டு தப்பு இல்லை, விரிப்பை எழுதிய ஆள் தப்பு. கேள்வி கேட்கிறேன் என்று நினைத்து முன்னாலேயே தீர்ப்பை எழுதி வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை புதிதாக எழுதினேன். ஆளுக்கு மூன்று இடம், இருவருக்கும் அதே வார்த்தை: எனக்கு என்ன வேண்டும், எதைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன், எதற்குப் பயம். கலைக்கப் போவதில்லை. எழுபத்தெட்டையும் முகம் மேலாகப் பரப்பி, கண்ணால் பார்த்து, அவரவர் சீட்டை அவரவரே எடுக்க வேண்டும். கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். இப்படியும் ஒரு முறை உண்டு. தற்செயலின் மேல் பழி போட முடியாது என்பதால் நான் இதுவரை தொட்டதில்லை.

அவளிடம் சொன்னேன்.

“சனிக்கிழமை வா. ஆனா நீ ஒண்ணும் விளக்கப்படாது. என் சீட்டை நானே சொல்லிக்குவேன்” என்றாள். கல்யாணத்தைப் பற்றி அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று பழகிப் பார்க்கலாம் என்று தரையில் பரப்பினேன். ‘எனக்கு என்ன வேண்டும்’ என்ற ஒரே இடத்துக்குப் பதினோரு சீட்டு எடுத்து வைத்திருக்கிறேன். கோப்பை இரண்டு இருக்கிறது, எதிரெதிரே நின்று கோப்பை மாற்றிக்கொள்ளும் ஜோடி. வெட்கம் கெட்ட நாணயம் நாலும் இருக்கிறது. சனிக்கிழமைக்குள் பதினொன்றை ஒன்றாக்க வேண்டும்.