பச்சை ஒளியில் பதின்மூன்று மில்லிமீட்டர்

சிவப்ரியா காரைக்காலில் ஒரு தனியார் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் பதினோரு வருடமாக டெக்னீஷியன். ஊர் தருமபுரம். அப்பாவுக்கு இரண்டு மா நிலம். அதில் நடவு நட்டுக்கொண்டே மகளை பி.எஸ்சி. இயற்பியல் படிக்க வைத்தார். வாத்தியார் வேலை கிடைக்கவில்லை, கருவிகளைத் துடைத்துவைக்கும் வேலை கிடைத்தது. அதில் அவளுக்குக் குறையில்லை. காரைக்கால் உப்புக்காற்றில் எந்தக் கருவியும் மூன்று வருடம் தாங்காது. அவள் கையில் இருந்தவை ஏழு எட்டு வருடம் ஓடின.

அவளுக்குப் பிடித்த சோதனை வட்டத்துளை விளிம்பு விளைவு. மெல்லிய உலோகத்தகட்டில் கால் மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு துளை. இருட்டறையில் அதன் வழியாக லேசரை விட்டால், இரண்டு மீட்டர் தள்ளிச் சுவரில் ஒட்டிய கிராப் தாளில் துளை அளவுக்கு ஒரு புள்ளி விழாது. அதைவிடப் பல மடங்கு பெரிய ஒளிவட்டம் விழும். நடுவில் பளிச்சென்று இருக்கும் வட்டம் ஓரத்தில் மங்கி ஒரு கறுப்பு வளையத்தில் முடியும். அதற்கு வெளியே மங்கலான ஒளிவளையங்கள் ஒன்றைச் சுற்றி ஒன்றாக நிற்கும். முதல் கறுப்பு வளையத்தின் விட்டத்தை அளந்தால் ஒளியின் அலைநீளத்தைக் கணக்கிடலாம். துளையைச் சின்னதாக்கினால் நடுவட்டம் பெரிதாகும். அலைநீளம் குறைந்தால் நடுவட்டமும் சுருங்கும். பிள்ளைகள் முதல்தடவை பார்த்து வாயைப் பிளக்கும்போது அவள் பக்கத்தில் நின்று ரசிப்பாள்.

போன ஐப்பசி அடைமழையில் சிவப்பு லேசர் செத்துவிட்டது. திறந்து பார்த்தால் உள்ளே பச்சையாகக் களிம்பு. புதிதாகக் கேட்டதற்கு சப்ளையரிடம் இருந்தது பச்சை லேசர்தான். அதை வாங்கிப் பொருத்தினார்கள். சிவப்ரியா அதை இருப்புப் பதிவேட்டில் தேதியோடு எழுதினாள். இருட்டறைக் கதவிலும் பெரிய எழுத்தில் ஒட்டினாள்: இனி இந்தச் சோதனைக்குப் பச்சை லேசர், அலைநீளம் 532 நானோமீட்டர். துறைத்தலைவர் கலைவாணனிடம் நேரிலும் சொன்னாள். அவர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல் சரிம்மா என்றார்.

சித்திரை வெயிலில் பிராக்டிகல் தேர்வு வந்தது. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நாற்பத்திரண்டு பேர். சீட்டுக் குலுக்கியதில் பதினோரு பேருக்கு வட்டத்துளை விழுந்தது. வெளித்தேர்வாளராக நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து நீலமேகம் என்ற பேராசிரியர் வந்திருந்தார். அவரும் கலைவாணனும் மின்விசிறிக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்தார்கள். இருட்டறைக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கறுப்புத்திரை போட்ட அந்த அறையில் புழுக்கம் தாங்கவில்லை, வேர்வை நாற்றம் மூக்கைத் துளைத்தது. சிவப்ரியா மட்டும் உள்ளே நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் லேசரை நேர்படுத்திக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

முதல் பையன் வந்தான். சுவரில் பச்சைநிற வட்டம் பளிச்சென்று நின்றது. அவன் அதன் பக்கம் திரும்பவேயில்லை. உட்கார்ந்து விட்டம் 15.9 மில்லிமீட்டர் என்று எழுதினான். பச்சைக்கு அந்தத் துளையில் அந்தத் தூரத்தில் பதின்மூன்றுதான் வரும். பதினாறுக்குப் பக்கத்தில் வந்தால் அது சிவப்பு. இரண்டாவது பெண்ணும் 15.9. மூன்றாவது பையன் 15.8 என்று எழுதிவிட்டு, நான்காவது பையனிடம் எல்லாரும் ஒரே எண்ணைப் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று கிசுகிசுத்தான். கண்ணுக்கு முன்னால் பச்சை எரிகிறது, தாளில் சிவப்பு ஏறுகிறது. அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்து வந்த பையனின் பென்சில் டப்பாவுக்குள் ஒரு ஜெராக்ஸ் துண்டு தெரிந்தது. பார்த்ததும் அவளுக்குக் காது சூடாகிவிட்டது. அந்தக் கையெழுத்து அவளுடையது. ஆறு வருடத்துக்கு முன்பு கரண்ட் இல்லாத ஒரு நாளில், அளக்க முடியாமல் தவித்த பிள்ளைகளுக்கு உதவி என்று நினைத்து, சிவப்பு லேசருக்கு வரும் அளவுகளை ஒரு தாளில் எழுதிக்கொடுத்திருந்தாள். அன்றைக்கு மட்டும் என்றுதான் கொடுத்தாள். அது பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடை வரைக்கும் போய், வருடாவருடம் புதுப் பிரதியாகத் திரும்பி வந்திருக்கிறது. மற்றவர்கள்மேல் வந்த அருவருப்பில் ஒரு பங்கு அந்த நிமிடம் அவள் பக்கமே திரும்பியது.

பதினோரு பேரில் ஒருத்தி மட்டும் அளந்தாள். திருமலைராயன்பட்டினத்திலிருந்து வரும் மஹ்பூபா. கறுப்பு வளையத்தின் இரண்டு ஓரத்திலும் பென்சிலால் புள்ளி வைத்து, தாளைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், நாலு திசையிலும் அளந்து சராசரி எடுத்தாள். 13.0. கணக்குப் போட்டதில் அலைநீளம் 533 வந்தது. அவள் முகத்தில் வந்த சின்ன சந்தோஷத்தைப் பார்த்ததும் சிவப்ரியாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பகல் இரண்டு மணிக்கு மேலே வைவா முடிந்து வெளியே வந்த மஹ்பூபாவின் கண் கலங்கியிருந்தது.

"அக்கா, நான் தப்பா அளந்துட்டேனாம். பதினெட்டு பர்சன்ட் எரராம். இருவதுக்கு ஏழு போட்டுட்டாங்க."

சிவப்ரியா விடைத்தாள் கட்டை வாங்கிக் கட்டுகிற சாக்கில் எடுத்துப் பார்த்தாள். கலைவாணனின் கையில் விடைக்குறிப்பு இருந்தது. பழைய சிவப்பு லேசருக்கான 650. மஹ்பூபாவின் 533க்கு மேல் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. மற்ற பத்துப் பேருக்கும் பதினெட்டு, பத்தொன்பது. பத்திலும் எண்கள் ஏறக்குறைய ஒன்றே. பார்க்காதவன் ஜெயித்தான், பார்த்தவள் தோற்றாள்.

அவள் மறுபடியும் இருட்டறைக்குள் போனபோது தேர்வாளர்களுக்கு வந்த மதியச் சாப்பாட்டின் எச்சில் இலை சோதனைக் கருவி பொருத்திய ஆப்டிகல் பெஞ்சு மேலேயே கிடந்தது. வறுத்த வஞ்சிர முள், எலுமிச்சைத் தோல், குழம்பு வழிந்த கோடு. துளைத்தகட்டின் மேல் யாரோ எண்ணெய்க் கையை வைத்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்த கையோடு ஏதோ எடுக்க உள்ளே வந்திருக்கிறார்கள். வந்தும் சுவரைப் பார்க்கவில்லை. அவள் இலையைச் சுருட்டி வெளியே போட்டுவிட்டு, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தகட்டைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க எண்ணெய் வாடை விரலில் ஏறியது.

பிறகு தேர்வாளர்களின் மேசைக்கு வந்து நின்றாள்.

"சார், அந்தப் பொண்ணு அளந்தது சரி. லேசர் பச்சை. நான் நவம்பர்லயே சொல்லியிருக்கேன்."

கலைவாணன் அவளை வேலையைப் பார்க்கச் சொன்னார். மார்க் போடுவது டெக்னீஷியன் வேலையில்லை என்றும் சொன்னார். நீலமேகம் பேனாவை மூடிவைத்துவிட்டு, எந்த லேசர் என்று கேட்டார். அவர் அதுகூடத் தெரியாமல்தான் பதினோரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

மேசைமேல் கலைவாணன் வகுப்பில் படம் காட்டப் பயன்படுத்தும் சிவப்பு லேசர் பாயின்டர் கிடந்தது. சிவப்ரியா அதை எடுத்துக்கொண்டு, உள்ளே வாங்க சார் என்று நீலமேகத்தைக் கூப்பிட்டாள். அவர் வந்தார். வேறு வழியில்லாமல் கலைவாணனும் வந்தார்.

முதலில் பச்சை. கிராப் தாளில் கறுப்பு வளையத்தின் இரண்டு பக்கமும் புள்ளி வைத்தாள். நீலமேகத்திடம் ஸ்கேலைக் கொடுத்து அவரையே அளக்கச் சொன்னாள். பதின்மூன்று. பிறகு பச்சை லேசரை எடுத்துவிட்டு அதே இடத்தில் பாயின்டரை வைத்து, பொத்தானில் ரப்பர் பேண்டு சுற்றி அமுக்கிவைத்தாள். ஒளி துளையில் நேராக விழ இரண்டு நிமிடம் ஆனது. சுவரில் சிவப்பு வட்டம் வந்தது. பச்சைக்கு வைத்த புள்ளிகளைத் தாண்டி அந்த வட்டம் இரண்டு பக்கமும் வழிந்து நின்றது.

"துளைய மாத்தல சார். தூரத்தையும் மாத்தல. வெளிச்சத்தோட அலைநீளம் மட்டும் மாறுச்சு. அளந்து பாருங்க."

நீலமேகம் அளந்தார். பதினாறு. இருட்டில் அவர் முகம் தெரியவில்லை.

கலைவாணன்தான் முதலில் பேசினார். "அப்ப மத்த பத்துப் பேரும் ஃபெயிலா? நாளைக்கு அவங்கப்பன் எல்லாம் வாசல்ல வந்து நிப்பான். நீங்க பதில் சொல்லுவீங்களா?"

நீலமேகம் வெளியே வந்து மஹ்பூபாவின் ஏழு மார்க்கை அடித்துவிட்டுப் பத்தொன்பது போட்டு, பக்கத்தில் கையெழுத்திட்டார். மற்ற பத்துத் தாள்களையும் தொடவில்லை. அவளுடைய தாளும் அவர்களுடைய தாளும் ஒரே கட்டில், ஏறக்குறைய ஒரே மதிப்பெண்ணோடு போயின. மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பும்போது சிவப்ரியாவிடம் மட்டும் மெதுவாக, நீங்க சொன்னது சரிதாம்மா, ஆனா எல்லாத்தையும் கிளற முடியாது என்றார். அவர் மூச்சில் இன்னும் மீன் வாடை அடித்தது.

மறுநாள் கலைவாணன் இருப்புப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். பச்சை லேசர் தேர்வுக்குப் பிறகுதான் பயன்பாட்டுக்கு வந்தது என்று திருத்தி எழுதச் சொன்னார். தேதி ஒரு வரிதானே, யாருக்கும் நஷ்டமில்லை என்றார். அவள் பதிவேட்டை மேசைமேல் வைத்துவிட்டு, என் கையால எழுத மாட்டேன் சார், வேணும்னா நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கங்க என்றாள். அவர் எழுதவில்லை. தன் கையெழுத்து விழுகிற இடத்தில் அவர் எப்போதும் கவனமான ஆள்.

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். நடந்ததை வரிசையாக எழுதினாள். ஆறு வருடத்துக்கு முன்பு அளவுகளை எழுதிக்கொடுத்தது தான்தான் என்பதையும் எழுதினாள். அந்த வரியை எழுதும்போது கை நின்றது. இரண்டு தடவை அடித்துவிட்டு மூன்றாவது தடவை விட்டுவைத்தாள். அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் தானும் சுவரைப் பார்க்காமல் எழுதுகிற கூட்டம்தான் என்று தோன்றியது.

ஜூனில் அவளை ஆய்வகத்திலிருந்து மாற்றி அலுவலகத்தில் போட்டார்கள். மாற்றுச் சான்றிதழுக்கு முத்திரை குத்துவது, தபால் பிரிப்பது. காரணம் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. சாவிக்கொத்தை ஒப்படைத்த அன்று அவளுக்கு அழுகை வரவில்லை. கையைக் கழுவினால் போதும் என்றுதான் இருந்தது.

மஹ்பூபா மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தாள். எம்.எஸ்சி.க்கு இடம் கிடைத்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்று, உங்களாலதான் அக்கா என்றாள்.

"என்னால இல்ல. நீ பாத்த, எழுதுன. அவ்வளவுதான்" என்றாள் சிவப்ரியா. அந்தப் பெண் போன பிறகும் அவள் சொன்ன நன்றி ஏனோ கூசியது. பார்த்ததை எழுதியதற்கு ஒருத்தி நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே அசிங்கமாகப் பட்டது.

நான்கு மாதம் கழித்து அவள் பிரித்த தபாலிலேயே அவள் கடிதத்துக்குப் பதில் இருந்தது. தங்கள் கடிதம் பெறப்பட்டது, குறித்துக்கொள்ளப்பட்டது என்று ஒரே வரி, கீழே துறைத்தலைவரின் பார்வைக்கு என்று ஒரு குறிப்பு. யாரோ பார்க்காமலே போட்ட கையெழுத்து, பாதி முத்திரைக்குள்ளும் பாதி வெளியிலுமாகக் கிடந்தது. அவள் அதற்கு வரவு எண் போட்டு, தேதி எழுதி, கலைவாணன் மேசைக்குப் போக வேண்டிய கோப்பில் வைத்தாள். பிறகு அடுத்த உறையைப் பிரித்தாள்.