லிங்க் மட்டும் ஏறிய டிஸ்க்

ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் நான். லாரியில் கிளீனர், எர்ணாகுளத்தில் ஓட்டல் வேலை என்று சுற்றிவிட்டு, கும்பகோணத்தில் ஒரு கல்யாண ஸ்டுடியோவில் ஏழு மாதம் இருந்தேன். அங்கே கம்ப்யூட்டரில் லினக்ஸ். கறுப்புத் திரையில் கட்டளை அடித்துத்தான் எல்லாம். பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டேன்.

கேமரா கார்டிலிருந்து வரும் படங்கள் பெரிய டிஸ்க்கில் கார்டு வாரியாகக் கிடக்கும். ஒவ்வொரு கல்யாண வீட்டுக்கும் தனி ஃபோல்டர். அதற்குள் பூசை, விருந்து, உறவுக்காரர் என்று உள் ஃபோல்டர்கள். அவற்றில் இருப்பது படமல்ல, லிங்க். அசல் எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டும். திறந்தால் படம் வரும். ஒரே படம் மூன்று இடத்தில் தேவைப்பட்டாலும் டிஸ்க் நிறையாது.

ஒரு நாள் பெரிய டிஸ்க் நிரம்பிவிட்டது. "படம் எடுத்து முடிஞ்ச வீட்டையெல்லாம் பேக்கப்புல ஏத்திட்டு இத காலி பண்ணுடா" என்றார் முதலாளி. வீட்டு ஃபோல்டர்களை cp -a போட்டு பேக்கப் டிஸ்க்குக்கு எடுத்தேன். உள்ளதை உள்ளபடி எடுக்கும் கட்டளை. உள்ளபடி என்றால் லிங்க்கையும் லிங்க்காகவே எடுக்கும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. ஆயிரக்கணக்கான படம் சில நொடியில் முடிந்தது. புது டிஸ்க் வேகம் என்று சந்தோஷப்பட்டேன். சோதிக்காமலும் இல்லை. பேக்கப்பிலிருந்தே பத்துப் படம் திறந்தேன், பளிச்சென்று வந்தன. லிங்க் பிடித்துக்கொண்டு போய் பெரிய டிஸ்க்கிலிருந்த அசலைத்தான் காட்டியது. பிறகு அந்த அசலை அழித்தேன். அடுத்த வாரமே அதன் மேல் இரண்டு கல்யாணம் ஏற்றினோம்.

பதினைந்து நாள் கழித்து, வைகாசிக் கல்யாணப் பெண்ணின் அண்ணன் வந்தார். மன்னார்குடிப் பக்கம் வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். அவர் அப்பா கல்யாணம் முடிந்து இரண்டே மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டார். மறுநாள் முப்பதாம் நாள் பூசை. நினைவு அட்டையில் போட அப்பா படம் வேண்டும். கல்யாண ஆல்பம் இன்னும் அச்சாகி வரவில்லை, வீட்டில் இருந்ததெல்லாம் ரேஷன் கார்டுப் படம்தான்.

பேக்கப் டிஸ்க்கைச் செருகினேன். பெயர்கள் எல்லாம் இருந்தன. எதைத் தட்டினாலும் அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது.

"என்ன தம்பி, வரலையா?"

"அண்ணே, இதுல லிங்க் மட்டுந்தான் வந்துருக்கு. படம் அழிஞ்சிடுச்சு."

முதல் அடி காதில் விழுந்தது. அடுத்தது வாயில். நாற்காலியோடு சாய்ந்தவனை இடுப்பில் மிதித்தார். "எங்கப்பாவ அழிச்சிட்டு அண்ணேங்கிற! உன் படத்தப் போட்டு அட்டை அடிக்கவாடா?" என்று ட்ரைபாடை எடுத்து வீசினார், ஷோகேஸ் கண்ணாடி கொட்டியது. முதலாளி ஓடி வந்தார். விலக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். விஷயம் கேட்டதும் அவரும் பெல்ட்டைக் கழற்றினார்.

"கார்டு ஃபோல்டர எடுக்காம எதடா எடுத்த நாயே?"

"நீங்கதான் வீட்ட ஏத்துன்னீங்க" என்றேன். அதற்கும் இரண்டு விழுந்தது. பக்கத்து வெற்றிலைக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு ஷட்டரை பாதி இறக்கிக்கொண்டார்.

கீழே கிடந்தபோதுதான் ஆல்பம் ஞாபகம் வந்தது. டிசைன் செய்பவர் பாபநாசத்தில் இருந்தார். அவருக்கு அனுப்பிய பென்டிரைவ் லிங்க்கை ஏற்காத வகை. அதனால் முதலாளி cp -rL போட்டிருந்தார். அது லிங்க் காட்டும் இடத்துக்குப் போய் அசலையே எடுத்து வரும். ஆல்பத்துக்குப் பொறுக்கிய படங்களாவது அங்கே நிஜமாகவே இருக்கும்.

"பாபநாசத்துல இருக்கலாம்ணே" என்றேன். பல் ஒன்று ஆடியது.

அண்ணன் என் சட்டைக் காலரைப் பிடித்தபடியே பைக்கில் ஏற்றினார். போகும் வழியில் ஒரே ஒரு பேச்சு: "இல்லேன்னா வாய்க்கால்ல எறக்கிடுவேன்." வெறும் மிரட்டலாகத் தெரியவில்லை.

டிசைன்காரர் என் முகத்தைப் பார்த்தார். ஃபோல்டரைத் திறந்தார். நூற்றுச்சொச்சம் படம். அப்பா ஒரே ஒரு படத்தில் இருந்தார். கோயில் வாசலில், பெண்ணின் முக்காட்டைச் சரி செய்துகொண்டு, பக்கவாட்டு முகம்.

அண்ணன் படத்தைப் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு தன் பென்டிரைவை நீட்டினார். டிசைன்காரர் நகலெடுத்ததும் அதைப் பிடுங்கி, அங்கிருந்த வேறொரு லேப்டாப்பில் போட்டு என்னையே திறக்கச் சொன்னார். திறந்தேன். வந்தது.

"மத்த படமெல்லாம்?"

"இல்லண்ணே. அதுமேல வேற கல்யாணம் ஏத்தியாச்சு. போனது போனதுதான்."

அப்போது ஒரு அறை விட்டார். கடையில் விழுந்ததைவிட வலித்தது. பென்டிரைவைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு, அட்டை அடிக்கப் போய்விட்டார். நான் ஸ்டுடியோவுக்குத் திரும்பவில்லை. ரத்தத்தைக் கழுவிக்கொண்டு, தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறினேன்.