வேகம் பிடிக்காத கார்

கஞ்சிக்கோட்டில் கார் வயரிங் பட்டறை வைத்திருந்த என் தம்பி கருப்புசாமி பிறவிச் சந்தேகக்காரன். புது பேட்டரி வந்தாலும் நம்ப மாட்டான், மீட்டரை வைத்துப் பார்ப்பான். அக்கா நான் போட்ட காப்பியில்கூடச் சர்க்கரை இருக்கிறதா என்று கலக்கிப் பார்த்துத்தான் குடிப்பான். ஆனால் ஒரு ஆளின் மேல் பழி சொல்லுவதற்கு மட்டும் அவனுக்கு வாய் வராது. அதைச் சொல்ல எழுபத்தெட்டில் வந்த ஒரு கார் கதையே போதும்.

சக்குபள்ளம் மலையில் ஏலத்தோட்டம் வைத்திருந்த முதலாளி ஒருவரின் மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கார் அது. கிளட்ச் கிடையாது, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். ஸ்டீயரிங்கில் இருக்கும் பொத்தானை அழுத்திவிட்டால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடலாம், அந்த வேகத்திலேயே ஓடும். க்ரூஸ் கண்ட்ரோல் என்றார்கள். மலையில் அதற்கு வேலை இல்லை. மகன் வாளையார் ரோட்டில் நாற்பது மைலில் ஓட்டி அப்பாவுக்குக் காட்டிவிட்டு, மறுபடி அமெரிக்கா போய்விட்டார்.

அதற்குப் பிறகு டிரைவர் ஏசுரத்தினம் எத்தனை அழுத்தியும் அது பிடிக்கவில்லை. ஏசுரத்தினம் இருபது வருஷம் மலையில் ஜீப் ஓட்டியவர். முதலாளியோ, டிரைவர் உள்ளே ஏதோ ஒரு பாகத்தைக் கழற்றி விற்றுவிட்டார் என்றே முடிவு கட்டியிருந்தார். கோயமுத்தூர் போகிற வழியில் எங்கள் பட்டறையில் நிறுத்தி, டிரைவரின் முன்னாலேயே சொன்னார்.

"எது குறையுதுன்னு நீ சொல்லு. இன்னைக்கே இவன் கணக்க முடிச்சு அனுப்பிடுறேன்."

ஏசுரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். வேலை போனால் தோட்டத்து வீடும் போகும்.

தம்பி முதலில் பிரேக் சுவிட்சைச் சந்தேகப்பட்டான். பிரேக் மிதிபட்டிருப்பதாக அது சொல்லிக்கொண்டே இருந்தால் க்ரூஸ் பிடிக்காது. என்னைக் காருக்குப் பின்னால் நிற்கச் சொல்லி அவனே மிதித்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. காலை எடுத்ததும் அணைந்தது. அடுத்து ஸ்டீயரிங் பொத்தான்கள். ஒவ்வொன்றாக அழுத்தி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி மீட்டரில் பார்த்தான். எங்கேயும் அறுபடவில்லை. பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுழல விட்டு, ஸ்பீடோமீட்டர் கேபிளோடு சேர்ந்திருக்கும் வேக சென்ஸாரைப் பார்த்தான். அதிலும் மின்சாரம் வந்தது.

"எல்லாம் இருக்குதுங்க. ஒண்ணும் களவு போகலீங்க," என்றான்.

"அப்ப ஏன் ஓடலை? நீயும் இவனுக்குக் கூட்டா?" என்றார் முதலாளி.

தம்பி மீட்டரை எடுத்து வைத்தான். ஓட்டிப் பார்க்கலாம் என்றான். தன் டிரைவரைத் தவிர வேறு யாரும் அந்தக் காரை ஓட்டக்கூடாதென்று முதலாளி சொல்லிவிட்டதால் ஏசுரத்தினமே ஓட்டினார். தம்பி பக்கத்தில், முதலாளி பின்னால். பொழுது சாயும் நேரம். நான் நின்ற இடத்திலேயே நின்று பார்த்தேன். கார் நேர் ரோட்டில் ஓடுகிறது, முன்னால் ஒரு வண்டியும் இல்லை, ஆனால் பின் விளக்கு புளியமரத்து வளைவு வரை சிவப்பாகவே போனது.

திரும்பி வந்ததும் சொன்னேன். பிரேக்கைத் தொடவே இல்லை என்று ஏசுரத்தினம் கர்த்தர் மேல் ஆணையிட்டார். பொம்பளைக்கு வெயில் கண்ணைக் கூசியிருக்கும் என்றார் முதலாளி. என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, இன்றைக்கும் சொல்லுவேன். தம்பி இறங்கி நான்கு சக்கரத்தின் பிரேக் டிரம்மையும் தொட்டுப் பார்த்தான். இட்லிச் சட்டி மாதிரி கொதித்தது.

மறுபடி ஓட்டச் சொன்னான். இந்தத் தடவை அவன் ரோட்டைப் பார்க்கவில்லை, குனிந்து டிரைவரின் காலைப் பார்த்தான். ஜீப்பில் எப்போதும் கிளட்சில் கிடந்த இடது கால், இங்கே கிளட்ச் இல்லாததால் பக்கத்திலிருந்த பிரேக் மேல் மெல்ல உட்கார்ந்திருந்தது. அழுத்துகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. சுவிட்சுக்கு அந்தப் பாரம் போதும்.

"ஏனுங்க, அந்த இடது காலைச் சீட்டுக்கு அடியில மடக்குங்க."

மடக்கினார். பொத்தானை அழுத்தியதும் வேகம் நாற்பதில் நின்றுகொண்டது. அவர் கால் படாமலே ஆக்ஸிலேட்டர் மிதி தானாக அசைவதைப் பார்த்து, ஸ்டீயரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாராம்.

முதலாளி அப்போதும் நம்பவில்லை. குனிந்த சாக்கில் தம்பி எதையோ திரும்ப மாட்டிவிட்டான் என்றார்.

"நீங்களே முன்னால வந்து உக்காருங்க. கால வைக்கச் சொல்லுங்க, எடுக்கச் சொல்லுங்க. நான் ரோட்டுல நின்னுக்கறேன்," என்றான் தம்பி.

முதலாளி அப்படியே செய்தார். காலை வை என்றதும் கார் வேகத்தை விட்டதாம். எடு என்று சொல்லிப் பொத்தானை அழுத்த வைத்ததும் பிடித்துக்கொண்டதாம். மூன்று முறை பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

கணக்கு முடிக்கும் பேச்சை அவர் எடுக்கவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றும் சொல்லவில்லை. சொல்லட்டும் என்று நான் காரை மறித்துக்கொண்டு நின்றேன். தம்பிதான் கையைப் பிடித்து இழுத்தான். கோயமுத்தூருக்குப் புறப்பட்டபோது முதலாளி பின் சீட்டுக்குப் போகவில்லை. முன்னாலேயே உட்கார்ந்து, ஏசுரத்தினத்தின் இடது காலைப் பார்த்தபடியே போனார்.