மதியம் ஒன்று நாற்பதுக்கு வைத்த கைநாட்டு

எனது நாட்குறிப்பில் 2004ஆம் ஆண்டு ஆவணி மாதத்துப் பக்கமொன்றில் இப்படி எழுதியிருக்கிறேன்: “மதியம் 1.40. அப்பாவின் சம்மதம் பெறப்பட்டது.” எதையும் நேரத்தோடு குறித்துவைப்பது என் பழக்கம். அந்தப் பழக்கம்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

அப்பா இரணைமடுக் குளத்து வாய்க்கால் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்து ஓய்வுபெற்றவர். நீரிழிவால் இடது பாதம் கறுத்துப்போக, வவுனியாவில் ஆஸ்பத்திரியொன்றில் சேர்த்திருந்தோம். அதற்கு மூன்று வருடம் முன்பே ஞாபகம் குழம்பத் தொடங்கியிருந்தது. அக்காதான் அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, இரவில் எழுந்து நடந்தால் பிடித்துவந்து படுக்கவைப்பவள். முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்க வேண்டும் என்று சத்திரசிகிச்சை செய்யும் பெண் டொக்டர் எங்களிடம் சொன்னார். மாலையில் வந்து அப்பாவுடன் தானே கதைப்பதாகவும் சொல்லிப்போனார். சம்மதப் படிவம் கட்டில் தலைமாட்டில் கிடந்தது.

“டொக்டர் வந்து வெட்டப்போறம் எண்டால் அப்பா குழறி அழுவார்,” என்றாள் அக்கா. “அம்மா செத்ததையே ஒவ்வொரு நாளும் புதுசாச் சொல்ல வேண்டியிருக்கு. இதையும் சொல்லுறதே? ஊசி போட்டு நல்ல நித்திரை. இப்பவே விரலை வைச்சிடு.”

எனக்கும் அது அன்பாகத்தான் தெரிந்தது. வாட்டில் நேர்ஸ் மேசையில் இருந்த மைப்பெட்டியை எடுத்துவந்தேன். அப்பாவின் பெருவிரல் கனத்தது. அழுத்தினேன். பக்கத்தில் திகதியும் நேரமும் எழுதினேன்.

மாலை வந்த டொக்டர் படிவத்தைப் பார்த்தார். பிறகு கட்டிலில் தொங்கிய மருந்து அட்டையைப் பார்த்தார்.

“வடிவாத் திகதி போட்டிருக்கிறியள், தம்பி. நோவுக்கு ஊசி போட்டது ஒண்டு பத்துக்கு. ஒண்டு நாப்பதுக்கு ஐயா எப்பிடிச் சம்மதிச்சவர்?”

அக்கா முன்னுக்கு வந்தாள். “அவருக்கு நாள் கிழமை தெரியாது, டொக்டர்.”

“நான் கிழமை கேக்கப்போறதில்லை. கால் எடுக்கிறதைப் பற்றி மட்டும்தான். எப்ப தெளிவா இருப்பார்?”

“காலமை. தேத்தண்ணி குடிச்ச கையோட.”

மறுநாள் காலை அப்பாவைக் கதிரையில் இருத்தி, கண்ணாடியைப் போட்டுவிட்டோம். டொக்டர் அவருக்கு எதிரே குந்தினார். பாதம் இனித் திரும்பாது, எடுத்தால் உயிர் தப்ப வாய்ப்பிருக்கிறது, எடுக்காவிட்டால் சில கிழமைகள்தான், ஆனால் நோவுக்கு மருந்து தருவோம் என்று சின்னச் சின்ன வசனங்களாகச் சொன்னார். “இப்ப நான் சொன்னதை நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ, ஐயா.”

“வெட்டினால் இருப்பன். வெட்டாட்டிச் செத்துப்போவன். அதானே?”

“ஓம். உங்களுக்கு என்ன விருப்பம்?”

“வேண்டாம் பிள்ளை. வாய்க்கால் கட்டு முழுக்க நடந்த கால். என்னைத் தூக்கி இருத்தித் தூக்கிக் கிடத்த வேண்டாம். போகேக்கை ரெண்டு காலோடயும் போறன்.”

சொல்லிவிட்டுத் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். ஊதா மை இன்னும் போகவில்லை.

“இதார் பூசினது? நான் கையெழுத்துப் போடத் தெரியாதவனே?”

என் பெயரையே இரண்டு நாளாக மறந்திருந்தவர்.

அடுத்த நாள் காலையும் டொக்டர் வந்தார். “பிள்ளை ஆர்?” என்று அப்பா கேட்டார். டொக்டர் முழுவதையும் திரும்பச் சொன்னார். அதே பதில், அதே காரணம்.

“பாத்தியளே, உங்களையே மறந்திட்டார்!” அக்கா அழுதாள். “பெத்த பிள்ளையள் எங்கட சொல்லுக்கு மதிப்பில்லையோ?”

“என்னை மறந்திட்டார்,” என்றார் டொக்டர். “முடிவு மாறேல்லையே, அக்கா. அவருக்கு விளங்காமலே போயிருந்தால் உங்களைத்தான் கேட்டிருப்பன். அப்பவும் உங்கட விருப்பத்தை இல்லை. ஐயா எதை விரும்பியிருப்பார் எண்டு.”

வேண்டாம் என்று எழுதிய தாளில் அப்பா முதலெழுத்தோடு முழுக் கையெழுத்துப் போட்டார். எழுத்துகள் தெளிவாக இருந்தன. நான் மை பூசிய படிவத்தை டொக்டர் குறுக்கே கோடிட்டு அப்பாவின் கோப்பிலேயே வைத்தார்.

வீட்டுக்குக் கூட்டிவந்தோம். இருபத்துமூன்று நாள் இருந்தார். முதல் நாள் பாதத்தில் போட்டிருந்த மருந்துக்கட்டை மாற்றப் போன அக்கா, துணியில் கை வைக்கப்போய் நின்றுவிட்டாள். மூன்று வருடத்தில் அவள் அவரிடம் எதையும் கேட்டு நான் கண்டதில்லை.

“அப்பா, அவிழ்க்கட்டே?”

“பொறு.”

புண் கழுவக் கொண்டுவந்த கொதிநீர் ஆறிக்கொண்டிருந்தது. நானும் அக்காவும் கட்டிலடியில் இருந்தோம். எவ்வளவு நேரம் என்று நான் குறிக்கவில்லை.

“ஓம், இப்ப அவிழ்,” என்றார்.