சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்த காப்பகம்

காலை பாசஞ்சரில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் நாங்கள் மூன்று பேர். நான் ஒரு அலுவலகத்தில் கிளார்க். ஒருவர் வங்கிக்காரர். இன்னொருத்தி ஆஸ்பத்திரி நர்ஸ். மூன்று பேரின் பிள்ளைகளும் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் இருந்த ஒரே காப்பகத்தில்தான் பகலைக் கழித்தார்கள். ரயில் வேகம் எடுக்கும்போதெல்லாம் காப்பகம் இருந்த திசையைத் திரும்பிப் பார்ப்பேன். என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது.

அவள் தினமும் மாலையில் பசியோடு வந்தாள். தொடை இடுக்கு சிவந்து, நனைந்த துணியோடு நெடுநேரம் கிடந்த வாடையோடு வந்தாள். "என்ன சாப்பிட்டா?" என்று எந்த நாள் கேட்டாலும் காப்பகம் நடத்தும் மேடத்திடமிருந்து ஒரே பதில்தான்: "சூப்பரா சாப்டாம்மா, தூங்கினா, வெளாடினா." பதில் மாறாது. பிள்ளைதான் இளைத்துக்கொண்டே போனாள்.

ரயிலில் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னேன். நர்ஸ் உடனே பிடித்துக்கொண்டாள். "ஒரே துண்டுல எல்லா மூக்கையும் தொடைக்கிறாங்க, நானே பாத்தேன். ஒரு புள்ளைக்குச் சளி வந்தா எல்லாத்துக்கும் வருது."

"பால் புட்டியைக் கொதிக்க வைக்கிறாங்களான்னு பாக்கணும்," என்றேன். "மத்தியானம் கேப்பைக் கஞ்சின்னு சொல்றது நெசமாவே கஞ்சிதானா? இருக்கற ரெண்டு ஆயாம்மால ஒருத்தி அடுப்படியில நின்னா, அத்தனை புள்ளைங்களையும் ஒருத்தியா எப்படிப் பாக்கறது?"

மூவரும் அரைநாள் லீவு போட்டு, யாருக்கும் சொல்லாமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உள்ளே போய்ப் பார்ப்பது என்று முடிவானது. பார்த்ததை மேடத்திடம் நேராகப் பேசுவது. சொல்லாமல் போவதுதான் முக்கியம் என்று இரண்டு தடவை சொன்னேன்.

போனோம். வாசலிலேயே பினாயில் மணந்தது. பிள்ளைகள் எண்ணெய் தடவித் தலை வாரி, வரிசையாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கொடியில் புதுத் துண்டுகள், மடிப்புக்கூடக் கலையவில்லை. கஞ்சியில் ஆவி பறந்தது. இரண்டு ஆயாம்மாக்கள் இருந்த இடத்தில் மூன்றாவதாக ஒருத்தி.

வங்கிக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"நேத்து ஒரு வார்த்தை போன் பண்ணிட்டேன். பொம்பளைங்க இருக்கற வூடு, திடுதிப்புன்னு நுழைஞ்சா நல்லாவா இருக்கும்? மரியாதைன்னு ஒண்ணு இருக்குதுல்ல."

"நல்ல மரியாதை சார்," என்றாள் நர்ஸ். "அடுத்த தபா வெத்தல பாக்கு வச்சே சொல்லிடுங்க."

மேடம் சிரித்தபடி எங்களுக்கு டீ கொடுத்தார். அந்த நேரத்தில்தான் மூன்றாவது ஆயாம்மா என் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். போன மாதம்தான் மகளுக்கு மொட்டை போட்டிருந்தோம்.

"வாடா தம்பி, என் ராசா, கஞ்சி குடிடா."

"அது பொண்ணும்மா," என்றேன். "எப்ப வேலைக்குச் சேந்தீங்க?"

"இன்னிக்கு ஒரு நாளுதான் தாயி. இந்த அக்கா ஜல்தியா வான்னுச்சு, வந்துட்டேன்." பாவம், அவளுக்கு ஒளிக்கத் தெரியவில்லை.

மேடத்தின் சிரிப்பு சுருங்கியது. நான் கேட்டேன்: பிள்ளைக்கு ஒரு துண்டு. புட்டிகளைக் கொதிக்க வைப்பது. என்ன சாப்பிட்டாள், எப்போது துணி மாற்றினீர்கள் என்று தினமும் உள்ளபடி ஒரு வார்த்தை. மூன்றாவது ஆள் நிரந்தரமாக. பெற்றவர்கள் எந்த நேரமும் உள்ளே வரலாம் என்பது.

"துண்டு நீங்களே குடுத்து அனுப்புங்க," என்றார் மேடம். "மத்ததுக்கு டைம் குடுங்க. ஒருத்தருக்கு மட்டும்தான் இவ்ளோ கொறை தெரியுது."

மற்ற இருவரையும் திரும்பிப் பார்த்தேன். நர்ஸ் தன் பையனின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வங்கிக்காரர், "எல்லாம் ஓரளவுக்கு நல்லாத்தான் இருக்குது," என்றார். அவர்கள் மேல் கோபம் வந்தது. நாளைக் காலை அதே ரயிலை அவர்களும் பிடிக்க வேண்டுமே என்ற நினைப்பு, கோபத்தை முழுதாக எரியவும் விடவில்லை.

மறுநாள் காலை காப்பகத்தின் கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. பழைய ஆயாம்மா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கையை நீட்டினாள்.

"இனிமே இங்கியே குடுத்துட்டுப் போவணுமாம்மா. உள்ள வந்தா புள்ளைங்களுக்கு டிஸ்டர்ப் ஆவுதாம்."

நாங்கள் போய்ப் பார்த்ததில் கிடைத்தது ஒரு பூட்டு. ஸ்டேஷன் பக்கமிருந்து ரயிலின் ஊதல். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. என் மகள் என் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். அவளைக் கம்பிக்கு மேலே தூக்கத்தான் போனேன், கை எழவில்லை. அப்படியே திரும்பி, அவளோடு ஓடி, பெட்டியில் ஏறினேன்.

"ஆபீசுக்கா தூக்கிக்கினு போறீங்க?" என்று வங்கிக்காரர் பதறினார். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கக் கூடாதா? ஒங்க ஆபீசர் வுடுவாரா?"

"வுட மாட்டாரு."

நர்ஸ் ஜன்னலோர இடத்தைக் காலி செய்தாள். என் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். மகள் இட்லியை இரண்டு கையாலும் பிடித்து, நிமிராமல் தின்றாள். அலுவலகத்தில் என்ன சொல்வது என்று விழுப்புரம் வரும்வரை யோசித்தேன். ரயில் நின்றதும் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.