ரிக்வெஸ்ட்டுக்குப் பின்னால் ஒரு ‘டு’

தேயிலைத் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கரின் சிவப்புப் பேனா படாமல் எந்த ஆங்கிலக் கடிதமும் தொரையின், அதாவது மேனேஜரின், மேசைக்குப் போகாது. நான் டைப் செய்து கொடுப்பேன், அவர் வெட்டித் தருவார், மறுபடியும் டைப் செய்வேன். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவர் காகிதத்தில்தான் திருத்துவார்.

சேர்ந்த புதிதில் ‘இன்ஃபார்ம் டு மீ’ என்று எழுதிவிட்டேன். தமிழில் எனக்கு அறிவியுங்கள் என்கிறோம். அந்த ‘க்கு’வை எங்கே கொண்டுபோய் வைப்பது? ‘டு’வில் வைத்தேன். ‘ரிக்வெஸ்ட் டு யூ’வும் அதே வழியில் வந்ததுதான். அவர் இரண்டையும் வெட்டி, ‘இன்ஃபார்ம் மீ’, ‘ரிக்வெஸ்ட் யூ’ என்று எழுதி, இந்தச் சொற்களுக்குப் பக்கத்தில் ‘டு’ வரவே கூடாது என்றார். அதுவரை அவர் சொன்னது சரிதான்.

ஆனால் கையில் சுத்தியல் இருப்பவருக்கு எல்லாம் ஆணியாகிவிடுமே. ‘இன்டிமேட்’ என்ற சொல்லிலும் அவர் ‘டு’வை வெட்டினார். அகராதியில் பார்த்தேன். அதற்கு மட்டும் ‘டு’ வேண்டும்: ஒரு விஷயத்தை ஒருவருக்கு ‘இன்டிமேட் டு’ செய்ய வேண்டும். எனக்குத் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. ஆறு வருடம் ‘இன்டிமேட் யூ’ என்றே டைப் செய்து அனுப்பினேன். பழகிப்போனால் வெட்கம்கூட மரத்துப்போகும்.

மூன்று வருடத்துக்கு முன் கண்டியில் ஒரு தனியார் பாடசாலை அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். தோட்டத்திலிருந்து விடுவிப்புக் கடிதம் இல்லாமல் எடுக்க மாட்டோம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் கடிதம் எழுதினேன். வேறு வேலை என்று எழுதப் பயம். ‘ஐ ரிக்வெஸ்ட் டு லீவ் ஃப்ரம் மண்டே’ என்று மட்டும் எழுதினேன். திங்கள் முதல் விலகிக்கொள்ள அனுமதி கேட்கிறேன் என்பதே நான் நினைத்த பொருள்.

பெரிய கிளாக்கர் படித்தார். பேனா ‘டு’வின் மேல் போய் ஒரு கோடு போட்டது. ‘ஐ ரிக்வெஸ்ட் லீவ் ஃப்ரம் மண்டே.’ திங்கள் முதல் லீவு கேட்கிறேன். ‘லீவ்’ என்றால் விட்டுப் போவதும்தான், விடுமுறையும்தான். நடுவில் நின்ற அந்த ஒற்றை ‘டு’தான் இரண்டையும் பிரித்து வைத்திருந்தது.

“ஐயா, நான் லீவு கேக்கலைங்க” என்றேன்.

“ரிக்வெஸ்ட்டுக்குப் பின்னால டு வராதும்மா. எத்தன தடவ சொல்றது? சீக்கிரம் அடிச்சுக் கொண்டா, தொரை மலைக்குப் போகப் போறாரு.”

நான் சொன்னது அவர் காதில் விழவே இல்லையா, விழுந்தும் விழாத மாதிரி இருந்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவரை மீறி வேறு கடிதம் நீட்டினால் திருட்டுத்தனம். அவர் வெட்டியதை அப்படியே கொடுத்தால் நான் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். விரல்கள் வழக்கம்போல அவர் வெட்டியதையே டைப் செய்தன. அவற்றை நொந்து என்ன பயன்?

தொரை கடிதத்தை ஒரு பார்வை பார்த்துக் கையெழுத்துப் போட்டார். சிங்களவர்தான், ஆனால் எங்கள் தமிழ் நன்றாகப் பேசுவார். எத்தனை நாள் என்று எழுதவில்லையே என்று சிரித்துவிட்டு, “மூணு நாள் போதுமா?” என்று கேட்டார்.

அதுதான் சமயம். இன்ஃபார்ம் வேண்டாம், இன்டிமேட் வேண்டாம், ரிக்வெஸ்ட்டும் வேண்டாம். நான் வேலைய விட்டுப் போறேங்க என்று தமிழில் சொன்னாலே அவருக்குப் புரிந்திருக்கும், விட்டிருப்பார். பெரிய கிளாக்கர் என் பக்கத்தில் பைலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறு வருடமாக அனுமதி கேட்டுக் கேட்டே பழகிய வாய்க்குச் சொல்லத் தெரியவில்லை.

“போதுங்க சார்” என்றேன்.

திங்களும் செவ்வாயும் புதனும் எங்கள் லயத்து வீட்டுக் காம்பராவுக்குள்ளேயே கிடந்தேன். செவ்வாய்க்கிழமை கண்டியிலிருந்து போன் வந்தது, அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்களாம். அம்மா எதுவும் கேட்கவில்லை, அதற்காக அம்மா மேலும் கோபம் வந்தது. பெரிய கிளாக்கர் மேல் வந்த கோபத்தில் பாதி என் மேலேயே வர வேண்டியது என்பது புரியக் கொஞ்ச நாள் ஆனது.

அந்த வெள்ளிக்கிழமை தொரையின் அறையை விட்டு வெளியே வரும்போதாவது சொல்லியிருக்கலாம். எங்கள் வழக்கத்தில் விடைபெறுகிறவர் போறேன் என்று சொல்லக் கூடாது, அது அபசகுனம். கதவருகே திரும்பினேன், வாயில் தானாக வந்தது, “போயிட்டு வாறேங்க.”

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்துவிட்டேன்.